கன்னம் உரிகிறதா, நாக்கு எரிகிறதா, பல் கூசுகிறதா: பற்பசை டியூபின் பின்பக்கத்தில் காரணம் தேடும் வழிமுறை

ஹட்டனில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவனிடம் பற்பசை வாங்க வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "எது நல்லது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "துலக்கி முடித்தவுடன் கன்னத்தின் உட்பக்கம் உரிகிறது" என்றோ, "பீலித் தண்ணீர் பட்டால் மேல்பல் சுரீர் என்கிறது" என்றோ சொன்னால் பதில் சொல்ல முடியும். பெட்டியின் முன்பக்கத்தில் இருப்பது விற்பவரின் பேச்சு. வாய்க்குள் நடப்பதற்கான காரணம் பின்பக்கத்தில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தால் சிரமம் பாதியாகிவிடும்.

ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பசை, பிரஷ், வாய் கொப்பளிக்கும் மருந்து மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாமலே போய்விடும். பழைய டியூபை வீசிவிடவும் வேண்டாம். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.

டியூபின் அடியில் உள்ள வண்ணக் கோட்டைக் காட்டி, பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் இரசாயனம் என்று விளக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோடு டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டுவதற்கான அடையாளம். அதில் வேறு செய்தி எதுவும் இல்லை.

துலக்கிய பிறகு கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக உரிகிறது

பல் துலக்கிச் சற்று நேரம் கழித்து நாக்கால் தடவினால் கன்னத்தின் உள்ளே மெல்லிய, வழவழப்பான வெள்ளைச் சவ்வு திரண்டு வரும். வலி இருக்காது. விரலால் எடுத்தால் நூல்நூலாக வந்துவிடும். அடியில் புண் இருக்காது. வழக்கமான இளஞ்சிவப்புத் தோல்தான் தெரியும். இப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நுரையூட்டியை.

பெரும்பாலான பசைகளில் நுரையைத் தருவது சோடியம் லாரில் சல்ஃபேட். பசையில் அதன் அளவு பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவிலேயே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதும், பசையை வாயெங்கும் பரப்புவதும் அதன் வேலை. அதே குணத்தால் வாயின் உட்தோலைக் காக்கும் வழவழப்பான படலத்தையும் அது கலைக்கிறது. மேலடுக்குச் செல்கள் உதிர்கின்றன. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இரவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறவர்களுக்கும், சில மாத்திரைகளால் எச்சில் குறைந்தவர்களுக்கும் தொல்லை கூடுதல். துலக்கியவுடன் தோடம்பழச் சாறு கசப்பதற்கும் இதே பொருள்தான் காரணம். இனிப்பை உணரும் சுவை மொட்டுகளைச் சற்று நேரம் மந்தமாக்கிவிடுகிறது.

பட்டியலில் இதைத் தேடும்போது நம் நாட்டில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. பெட்டியில் எஸ்எல்எஸ் என்ற மூன்று எழுத்து ஒரு முத்திரைக்குள் இருந்தால், அது இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனத்தின் தரக்குறி. இணையத்தில் "எஸ்எல்எஸ் இல்லாத பசை வாங்குங்கள்" என்று படித்துவிட்டு, அந்த முத்திரையைப் பார்த்தவுடன் பெட்டியைத் திருப்பி வைத்தவர்களைக் கடையிலேயே கண்டிருக்கிறேன். முத்திரையை விட்டுவிட்டுச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அங்கே பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்கும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். சோடியம் கோகோ சல்ஃபேட் என்று இருந்தால் அது தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த அதே குடும்பம். அதன் பெரும்பகுதி லாரில் சல்ஃபேட்தான். "தேங்காயிலிருந்து பெறப்பட்ட நுரை" என்று முன்பக்கம் பெருமையாகச் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் உங்கள் கன்னத்துக்கு அதனால் பயனும் இல்லை. மாறாக, சோடியம் லாராயில் சார்கோசினேட் என்பது பெயரளவில் நெருக்கமாகத் தெரிந்தாலும் வேறு பொருள், மென்மையானது. கோகமிடோபுரோப்பில் பீட்டெய்ன் என்பதும் மென்மையான நுரையூட்டியே, என்றாலும் மிகச் சிலருக்கு அதுவே ஒவ்வாமை தரும். இந்த இரண்டில் ஒன்று இருந்து, லாரில் சல்ஃபேட்டும் கோகோ சல்ஃபேட்டும் இல்லாமலிருந்தால் அந்தப் பசையைச் சோதித்துப் பார்க்கலாம்.

நுரை குறைவாக வரும். முதல் சில நாட்களுக்குத் துலக்காதது போலவே தோன்றும். நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை வாய் பழகிக்கொள்ள அவ்வளவு காலம் ஆகும். உரிதல் நுரையூட்டியால் வந்தது என்றால், மாற்றிய சில நாட்களிலேயே நின்றுவிட வேண்டும். நின்ற பிறகும் சந்தேகம் இருந்தால் பழைய பசையால் இரண்டு மூன்று நாள் துலக்குங்கள். திரும்ப உரிந்தால் காரணம் உறுதி. இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் நுரையூட்டியை விட்டுவிட்டு வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பாருங்கள். சில மருந்துகளும் இதே உரிதலைத் தரும்.

சவ்வைத் துடைத்தெடுத்தால் அடியில் சிவந்து எரிகிறது என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம், குறிப்பாக ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிறவர்களுக்கு. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு முற்றிலும் வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சின்னச் சின்ன வாய்ப்புண் அடிக்கடி வருகிறது

இதற்கும் நுரையூட்டியைக் குறை சொல்வது வழக்கம். அது இல்லாத பசைக்கு மாறியபோது புண் குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின; வேறு சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. சோதித்துப் பார்ப்பதில் நட்டமில்லை என்பதே என் கருத்து. ஆனால் ஒரு வாரத்தில் முடிவு கட்டக்கூடாது. புண் எப்படியும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். புதிதாக வருவது குறைகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு மூன்று மாதம் நாட்காட்டியில் புண் வந்த நாளைக் குறித்து வையுங்கள். அத்துடன் நாக்கு வழவழவென்று ஆகி, களைப்பும் மூச்சு வாங்கலும் சேர்ந்திருந்தால் பசையை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்தோ பி12 வைட்டமினோ குறைந்தாலும் வாய் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

மூலிகைப் பசைதான், ஆனாலும் எரிகிறது

"மூலிகை எப்படி எரிக்கும்?" என்று கேட்கிறவர்கள் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஈறில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கிராம்பின் யூஜெனோல் பல்லை மரக்கச் செய்கிற அதே மூச்சில் மென்தோலைச் சுடவும் செய்யும். கறுவாவின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு இன்னும் முரட்டுத்தனமானது. அதற்கு ஒவ்வாத வாயில் கன்னத்திலும் நாக்கின் ஓரங்களிலும் சிவப்பும், நடுவே சொரசொரப்பான வெள்ளைத் திட்டும், எரிச்சலும் வரும்; பசையை நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். புதினா எண்ணெய், மென்தால் ஆகியவை பெரும்பாலோருக்குக் குளிர்ச்சி, உணர்ச்சி மிகுந்த வாய்க்கு எரிச்சல். எனவே மூலிகைப் பசை எரித்தால் முதல் சந்தேகம் மணமூட்டும் எண்ணெய்களின் மேல். அவை பட்டியலில் பெயரோடு இருக்கலாம், அல்லது "ஃபிளேவர்", "அரோமா" என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம்.

இரண்டாவது சந்தேகம், நீங்கள் தப்பி வந்ததாக நினைக்கும் அதே நுரையூட்டியின் மேல். பெட்டியின் முன்னே வேம்பு, கடுக்காய், மாசிக்காய், மகிழம்பட்டை எல்லாம் படமாக நிற்கும். பின்னே கல்சியம் கார்பனேட்டும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் மற்றப் பசைகளில் உள்ளபடியே இருக்கும். மூலிகை என்பது சேர்க்கப்பட்ட ஒன்றைப் பற்றிய தகவல். எது நீக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

எவ்வளவு மூலிகை என்று அறிய ஒரு வழி உண்டு. சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்துவது பரவலான வழக்கம். ஒரு சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். இனிப்புக்குச் சேர்க்கும் சோடியம் சாக்கரின் எப்போதும் மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். மூலிகைச் சாறுகள் சாக்கரினுக்கு அக்கம்பக்கத்திலோ அதற்குப் பிறகோ வந்தால், அவையும் சிட்டிகை அளவில்தான் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆயுர்வேத முறையில் எழுதப்பட்ட லேபிள்களில் இந்த வழி பலிக்காது. அவற்றில் பத்துக் கிராமில் எந்த மூலிகை எத்தனை மில்லிகிராம் என்று நேர்மையாகவே கொடுத்திருப்பார்கள், ஆனால் மீதி முழுவதும் "அடிப்படைப் பொருள், தேவையான அளவு" என்ற ஒரே வரிக்குள் போய்விடும். தேய்ப்புப் பொருள், நுரையூட்டி, மணம் எல்லாம் அந்த வரிக்குள். துலக்கும்போது வாய் நிறைய நுரை பொங்கினால் நுரையூட்டி இருக்கிறது என்பதாவது உறுதி. எது என்று தெரியாது. எரியும் வாய் உள்ளவர் இப்படி மூடி எழுதிய பசையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது. பசை கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. எரிந்தால் காரணத்தைத் தேட வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மூலிகைப் பசைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஃபுளோரைடு. வடமத்திய மாகாணத்தின் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுந்து பிள்ளைகளின் பல்லில் கறை படிகிறது என்று கேள்விப்பட்டுவிட்டு, ஃபுளோரைடு இல்லாத பசைதான் பாதுகாப்பு என்று நம் பக்கத்தில் சிலர் முடிவு செய்கிறார்கள். மலையகத்தின் ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் அதற்கு நேர் எதிர். அவற்றில் ஃபுளோரைடு குறைவு. சீனி போட்ட தேநீரை நாளெல்லாம் குடிக்கும் நமக்குப் பசையில் உள்ள ஃபுளோரைடுதான் சூத்தைக்கு எதிரான முதன்மைக் காவல். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்க வேண்டும். சுண்ணாம்பு வகையான கல்சியம் கார்பனேட் உள்ள பசையில் அது சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்ற வடிவில் இருப்பதே முறை. கல்சியம் கார்பனேட்டுடன் வெறும் சோடியம் ஃபுளோரைடு மட்டும் எழுதப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். டியூபுக்குள்ளேயே கல்சியம் அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் சுரீர் என்கிறது

நுவரெலியாவில் தை மாசி விடியற்காலையில் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டால் நல்ல பல்லும் கொஞ்சம் முறையிடும். நான் சொல்வது அதையல்ல. குறிப்பிட்ட சில பற்களில், தண்ணீர் பட்ட கணம் மின்னல் போல் வந்து, தண்ணீர் போனவுடன் போய்விடும் கூச்சம். ஈறு ஏறிவிட்டாலோ பல்லின் கழுத்து தேய்ந்துவிட்டாலோ எனாமலுக்கு அடியில் உள்ள தந்தினி வெளிப்படும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் உண்டு. உள்ளே திரவம் இருக்கிறது. குளிர் பட்டதும் அந்தத் திரவம் அசைந்து உள்ளிருக்கும் நரம்பைத் தொடுகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியும் விரல் நகமும் போதும். மேல் உதட்டைத் தூக்கிக் கோரைப்பல், அதற்குப் பின்னால் உள்ள இரண்டு பற்கள் ஆகியவற்றின் வெளிப்பக்கத்தில், ஈறை ஒட்டி நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலும், இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கத்திலும் பள்ளம் அதிகமாக இருந்தால், அது பிரஷ் அழுத்தத்தின் கையெழுத்து.

தேய்த்தது பிரஷ் நார் மட்டுமல்ல. பசையில் உள்ள தேய்ப்புப் பொருள்தான் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறது. பிரஷ் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. தேய்ப்புத் திறனை ஆய்வகத்தில் அளக்க ஆர்டிஏ என்ற ஓர் அளவுகோல் உண்டு. கதிரியக்கம் ஏற்றிய தந்தினியைப் பசையால் இயந்திரத்தில் துலக்கி, எவ்வளவு தேய்ந்து கலந்தது என்று பார்ப்பார்கள். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் கல்சியம் பைரோபாஸ்பேட்டின் மதிப்பு 100. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11609 பற்பசைக்கு அனுமதிக்கும் உச்சம் 250. கூச்சமுள்ள வாய்க்கு 70ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது.

சிக்கல் என்னவென்றால் இந்த எண்ணைப் பெட்டியில் அச்சிடுவதில்லை. சேர்மானப் பெயரை வைத்தும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரே நீரேற்றிய சிலிக்கா துகளின் அளவையும் வடிவத்தையும் பொறுத்து மென்மையாகவும் முரடாகவும் இருக்கும். விரலிடையே தேய்த்துப் பார்ப்பதும் ஏமாற்றும். கண்ணாடி போல் தெளிந்த ஜெல்லிலும் சிலிக்கா இருக்கிறது; கலங்கலான வெள்ளைப் பசை அதைவிட மென்மையாக இருக்கலாம். மென்மையானது என்று நினைத்து ஜெல்லுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தை மட்டுமே மாற்றுகிறார்கள்.

ஆகவே லேபிளில் நேரடி விடை இல்லை, சாடைகள்தான் உண்டு. வெண்மை, கறை நீக்கம், புகைப்பவர்களுக்கானது என்ற சொற்கள் தேய்ப்புக் கூடுதலாக இருக்கலாம் என்பதற்கான சாடை. பட்டியலில் அலுமினா, பெர்லைட் இருந்தாலும் அப்படியே. கரி சேர்ந்ததைக் கூச்சமுள்ளவர் தொட வேண்டாம். பற்பொடி எந்தப் பெயரில் வந்தாலும் எச்சரிக்கை வேண்டும். விரலாலோ பிரஷ்ஷாலோ உலர்ந்த துகளை நேரே பல்லில் தேய்க்கிறோம். அடுப்புச் சாம்பலும் செங்கல் தூளும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம், சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, முதன்மைத் தேய்ப்புப் பொருளாக உள்ள பசை மிக மென்மையானது. உப்புக் கரிக்கும் என்பதுதான் குறை. கூச்சத்துக்கென்றே விற்கும் பசைகள் பெரும்பாலும் மிதமானவை. ஆனால் அவற்றிலேயே "வெண்மையும் சேர்ந்தது" என்ற வகையைத் தவிர்க்கலாம்.

கூச்சத்தைக் குறைக்கும் மருந்துப் பொருளையும் பட்டியலில் தேடுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் இருந்தால் அது நரம்பை மெல்ல அமைதிப்படுத்தும் வகை. இரண்டிலிருந்து நான்கு வாரம் தினமும் இரு வேளை துலக்கினால்தான் பலன் தெரியும். மூன்றாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று திருப்பித் தர வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஸ்டானஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின், ஸ்ட்ரோன்சியம் ஆகியவை நுண்குழாயின் வாயை அடைக்கும் வகை. துலக்கியபின் துப்பிவிட்டு, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் எந்த வகையும் கூடுதலாக வேலை செய்யும்.

பசையை மாற்றினாலும் பழக்கம் மாறாவிட்டால் தேய்மானம் தொடரும். அம்பரெல்லாவும் மாங்காயும் உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்ற கையோடு, புளிப்பைப் போக்கவென்று துலக்குவது மிக மோசம். அமிலம் பட்டு மேற்பரப்பு இளகியிருக்கும் நேரத்தில் மென்மையான பசைகூடக் கூடுதலாகத் தேய்க்கும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். பிரஷ் மென்மையான நார் உள்ளதாக இருக்கட்டும். கைப்பிடியை முழுக்கையால் இறுக்காமல் பேனா பிடிப்பது போல் விரல்நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

ஒரு டீச்சரின் வாய்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் மூன்று முறையீட்டோடு வந்தார். காலையில் கன்னம் உரிகிறது. இடது மேல்பற்கள் குளிருக்குக் கூசுகின்றன. வலது கீழ்க் கடைவாயிலும் "ஒருமாதிரி" இருக்கிறது. கையில் ஒரு மூலிகைப் பசை.

"தம்பி, இதில் இரசாயனமே இல்லை. அதனால்தான் இதற்கு மாறினேன். பின்னே ஏன் உரிகிறது?"

"டீச்சர், பெட்டியைத் திருப்புங்கள். இரண்டாவது வரியைப் படியுங்கள்."

படித்தார். கல்சியம் கார்பனேட், தண்ணீர், சோர்பிட்டால், சோடியம் லாரில் சல்ஃபேட். மூலிகைச் சாறுகள் சாக்கரினுக்குப் பிறகு. ஃபுளோரைடு இல்லை. அதற்கு மேல், பல் வெளுக்கட்டும் என்று வார இறுதியில் கரிப்பொடி வேறு போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் கடின நார்.

மூன்றையும் ஒன்றாகத் தீர்க்கும் பசையை அவர் கேட்டார். நான் வரிசைப்படுத்தச் சொன்னேன். முதலில் கரிப்பொடியை நிறுத்துவது, பிரஷ்ஷை மாற்றுவது; இரண்டும் தேய்ப்பைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை மட்டும் ஒன்றாக, பசை அப்படியே. இரண்டு வாரத்தில் கூச்சம் சிறிதளவு தணிந்தது, உரிதல் அப்படியே இருந்தது. உரிதலுக்குப் பிரஷ்ஷும் கரியும் காரணமில்லை என்பது இதனால் தெளிவானது. பிறகு பசை. கூச்சத்துக்கான ஒன்றை அவராகவே எடுத்தார்; திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் நைட்ரேட்டோடு லாரில் சல்ஃபேட்டும் இருந்தது. கூச்சப் பசை என்றால் எல்லா வகையிலும் மென்மை என்று எண்ணிவிடக் கூடாது; இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த இன்னொன்றில் பொட்டாசியம் நைட்ரேட், நீரேற்றிய சிலிக்கா, கோகமிடோபுரோப்பில் பீட்டெய்ன், சோடியம் ஃபுளோரைடு இருந்தன. சிலிக்காவோடு சோடியம் ஃபுளோரைடு ஒத்துப்போகும். அதை எடுத்தார்.

அந்த வாரமே உரிதல் நின்றுவிட்டது. மேல்பற்களின் கூச்சம் அடங்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. முழுதாகப் போகவில்லை, ஆனால் பீலித் தண்ணீரில் வாய் கழுவ முடிந்தது. வலது கடைவாய் மட்டும் அசையவில்லை. அங்கே குளிர் பட்டால் வலி ஒரு நிமிடம்போல நின்று துடித்தது, இரவில் தானாகவும் வந்தது. அது கூச்சமில்லை என்று சொல்லி அரசாங்க வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்கு அனுப்பினேன். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, வெளியே தெரியாத ஆழமான சூத்தை.

பசையை மாற்றியும் மாறவில்லை

பசையால் தீராதவற்றை அடையாளம் காண்பது எளிது. கூச்சம் ஒரே பல்லில் மட்டும் இருப்பது, சூட்டுக்கும் வலிப்பது, காரணி போன பிறகும் வலி நீடிப்பது, இரவில் எழுப்புவது, கடித்து விடும்போது குத்துவது. இவற்றில் எதுவானாலும் கூச்சப் பசையோடு காலம் கடத்த வேண்டாம். கிராம்பு மிகுந்த பசை இந்த வலியைக் கொஞ்சம் மறைத்துவிடும் என்பதால் அது உதவுவது போலவும் தோன்றும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் எரிச்சலைப் பசையின் தலையில் போடுவதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, காரம் பட்டால் மட்டும் எரிகிறதா, கன்னம் விறைப்பாகிறதா, வாய் முன்போல் திறக்கிறதா. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பாக்கினால் வரும் சளிச்சவ்வடி நாரிழைப்பு என்ற நிலையாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. இரண்டாவது, துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண். இலங்கை ஆண்களிடையே முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அருகிலுள்ள பல் கிளினிக்கிலிருந்து தேவையானால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போகும்போது எரிந்த டியூபையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்றாக இருக்கும்.

வேண்டிய பசை கடையில் இல்லை, அல்லது விலை கட்டுப்படியாகவில்லை

லாரில் சல்ஃபேட் இல்லாத பசை தோட்டத்துக் கடையில் அநேகமாகக் கிடைக்காது. நகரத்தில் கிடைப்பதும் சாதாரணப் பசையைவிட விலை கூடுதல். அப்படியானால் ஃபுளோரைடு உள்ள, மணம் குறைந்த, வெண்மை பேசாத சாதாரணப் பசையை எடுத்து, விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காமல் பட்டாணி அளவு மட்டும் வையுங்கள். நுரையூட்டியும் தேய்ப்புப் பொருளும் அதே விகிதத்தில் குறைகின்றன. கூசும் பல்லில் தொடங்காமல், அதைக் கடைசியாக, நுரை நீர்த்த பிறகு துலக்குங்கள். உரிதல் உள்ளவர்கள் மட்டும் துப்பிய பின் ஒரு மிடறு தண்ணீரால் ஒரே முறை கொப்பளிக்கலாம். ஃபுளோரைடு கொஞ்சம் போகும், ஆனால் உரிகிறதே என்று துலக்குவதையே குறைத்துக்கொள்வதைவிட அது மேல். வைத்தியர் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து எழுதியிருந்தால் துலக்கியவுடன் அதைப் பாவிக்க வேண்டாம். நுரையூட்டி அந்த மருந்தை முடக்கிவிடும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.